கறுப்புக் கல்லில் பெயர்கள்: வியட்நாம் நினைவுச் சுவரும் அதன் பக்கத்துச் சிலையும்

"போர் நினைவிடம் என்றால் பீடம் கட்டி வீரனுக்குச் சிலை வைப்பதுதானே வழக்கம்? வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு வெறும் கறுப்புச் சுவர் கட்டிப் பெயர்களை மட்டும் பொறித்திருக்கிறார்கள். அதன் முன்னால்தான் மக்கள் உடைந்து அழுகிறார்களாம். உருவமே இல்லாத ஒன்று எப்படி இதைச் செய்கிறது? சிலையால் ஏன் முடியவில்லை?"

நான் கட்டடக் கலைஞன். நினைவிட வடிவமைப்பைப் பல வருடங்களாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். கல்லில் பெயர் பொறிக்கும் வேலைகளை மேற்பார்வை பார்த்த அனுபவமும் உண்டு. உலகத்தில் எத்தனையோ நினைவிடங்கள் இருந்தாலும் இந்தப் பதிலுக்கு நீங்கள் சொன்ன சுவரே போதும். அங்கே சுவரும் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. இரண்டும் ஏன் வந்தன, யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது பதிவாகியும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உருவம் இருந்தால் வீரம், உருவம் இல்லாவிட்டால் துக்கம் என்று பிரித்துக்கொண்டால் தவறான இடத்தில் தேட ஆரம்பித்துவிடுவோம். அதே வாஷிங்டனில் 169 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் வாஷிங்டன் நினைவுத் தூணில் ஓர் உருவமும் கிடையாது. ஆனால் அதைவிட வெற்றிப் பெருமிதம் கொண்ட கல் அந்த ஊரில் இல்லை. இதற்கு நேர் எதிராக, ஜெர்மானியச் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் செய்த இரண்டு சிலைகள் பெல்ஜியத்தில் ஒரு போர்க் கல்லறை வளாகத்தில் இருக்கின்றன. அவருடைய இளைய மகன் 1914 அக்டோபரில், முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில் இறந்துபோனான். அந்தச் சிலைகளை முடித்து 1932இல்தான் அவரால் பெல்ஜியத்தில் வைக்க முடிந்தது. ஒரு தகப்பன், ஒரு தாய், இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் குனிந்துவிட்டாள். முகங்கள் கோல்விட்ஸுடையதும் அவர் கணவருடையதும். இரண்டும் முழுக்க உருவச் சிலைகள், ஆனால் வீரத்தின் சாயல் துளியும் இல்லை. ஆக, கேள்வி உருவத்தைப் பற்றியது மட்டுமில்லை. பார்க்க வருகிறவரை அந்த அமைப்பு எங்கே நிறுத்துகிறது, அவர் உடம்பை என்ன செய்யவைக்கிறது, இறந்தவர்களில் யாரை எந்த வரிசையில் காட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீரச் சிலை என்ன செய்கிறது என்பதற்கு, அந்தச் சுவரிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஆர்லிங்டனில் இருக்கும் மரைன் படை நினைவிடத்தைப் பாருங்கள். 1945 பிப்ரவரியில் இவோ ஜிமா தீவின் மலை உச்சியில் ஆறு பேர் கொடிக்கம்பத்தை நிமிர்த்தும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து பெலிக்ஸ் டி வெல்டன் வடித்த வெண்கலச் சிற்பம் 1954இல் திறக்கப்பட்டது. ஒவ்வோர் உருவமும் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அது 1775 முதல் உயிர்விட்ட மரைன் வீரர்கள் எல்லோருக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் பீடத்தில் தங்க எழுத்தில் இருப்பவை மரைன் படை சண்டையிட்ட போர்க்களங்களின் பெயர்கள்; இறந்தவர்களின் பெயர்கள் கிடையாது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் அடுத்த சில வாரங்களிலேயே அதே தீவில் கொல்லப்பட்டார்கள். சிற்பத்தில் அது எங்கேயும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அது ஒரு செயலை நினைவுகூர்கிறது. செயல் முடியும் நொடிக்கு முன்னால் காலத்தை நிறுத்திவிடுகிறது. கொடி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆறு பேரில் சிலர் யார் என்பதே தவறாக அடையாளம் காணப்பட்டு 2016இலும் 2019இலும் திருத்தப்பட்டது. சிற்பத்தின் வேலை அதனால் கொஞ்சமும் கெடவில்லை, ஏனென்றால் அந்த உருவங்கள் ஆரம்பத்திலிருந்தே குறிப்பிட்ட ஆட்களாக நிற்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து நின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செயலைப் போற்ற வேண்டுமென்றால் இப்படித்தான் செய்ய முடியும்.

வியட்நாம் போர் முடிந்தபோது போற்றுவதற்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு செயல் இல்லை. போர் சரியா தவறா என்பதிலேயே நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. அதில் காயம்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற முன்னாள் வீரரும் அவருடைய நண்பர்களும் 1979இல் ஒரு நிதி அமைப்பைத் தொடங்கினார்கள். லிங்கன் நினைவிடத்துக்கு அருகில் இடம் ஒதுக்க 1980இல் அரசு அனுமதி கொடுத்தது. வடிவமைப்புக்குத் திறந்த போட்டி வைத்தார்கள். அமைதியாக யோசிக்கவைக்கும் இடமாக இருக்க வேண்டும், சுற்றுப்புறத்தோடு இசைந்து போக வேண்டும், இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும், போரைப் பற்றி எந்த அரசியல் கருத்தும் சொல்லக் கூடாது என்பவை நிபந்தனைகள். இதில் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தாலே பாதி வடிவமைப்பு முடிந்துவிட்டது என்பேன். ஏறத்தாழ 58,000 பெயர்களுக்கு இடம் வேண்டும். அவர்கள் எதற்காக இறந்தார்கள் என்று சொல்லக் கூடாது. சிலை என்றால் ஏதாவது ஒரு முகபாவம் வைத்தே ஆக வேண்டும், முகபாவம் வைத்த கணமே அது கருத்தாகிவிடும். வந்த 1,421 வடிவங்களையும் பெயர் மறைத்துத்தான் நடுவர்கள் பார்த்தார்கள். 1981 மே மாதம் தேர்வானது 1026ஆம் எண். அதை அனுப்பியவர் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி மாயா லின்.

இப்போது அந்த வடிவத்துக்குள் நடந்து பார்ப்போம். புல்வெளி ஒன்றைக் கீறி ஒரு பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறார்கள். தாழ்ந்த பக்கத்துக்கும் தாழாத பக்கத்துக்கும் இடையில் மண்ணைத் தாங்கி நிற்பதுதான் சுவர். ஆக, அதற்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் இருந்து வந்தால் புல் மட்டுமே தெரியும். இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றும் 75 மீட்டர் நீளம், சுமார் 125 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. ஒரு சிறகு வாஷிங்டன் தூணை நோக்கியும் மற்றது லிங்கன் நினைவிடத்தை நோக்கியும் நீள்கிறது. ஓரத்தில் சுவரின் உயரம் 20 செண்டிமீட்டர்தான். நடு மூலையில் மூன்று மீட்டர்.

ஓரத்தில் பாதைக்குள் நுழையும்போது சுவர் உங்கள் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். ஒரே ஒரு வரி பெயர்கள். அடுத்த பலகையில் இன்னும் சில வரிகள். பாதை மெல்லக் கீழிறங்குகிறது, படிகள் இல்லாததால் இறங்குகிறோம் என்றே முதலில் தெரியாது. முழங்கால் உயரம் வந்த சுவர் இடுப்புக்கு வருகிறது, தோளுக்கு வருகிறது, பிறகு தலைக்கு மேல் போய்விடுகிறது. மிக உயரமான பலகைகளில் 137 வரிகள். மூலைக்கு வரும்போது பின்னாலிருந்த நகரத்தின் சத்தம் குறைந்திருக்கும், கண்ணுக்கு முன்னால் பெயரைத் தவிர வேறெதுவும் இருக்காது. யாரும் உங்களை அண்ணாந்து வணங்கச் சொல்லவில்லை. நீங்களாக நடந்து உள்ளே போய்விட்டீர்கள். சிலையைப் பார்க்க ஒரு தூரம் வேண்டும், எட்ட நின்றால்தான் முழுதாகத் தெரியும். இந்தச் சுவரையோ எட்ட நின்றால் படிக்கவே முடியாது. எழுத்தின் உயரம் சுமார் 13 மில்லிமீட்டர். நினைவுச் சின்னங்களில் வழக்கமாக இருப்பதைவிட மிகச் சிறியது. படிக்க வேண்டுமானால் ஒரு கை தூரத்துக்கு வர வேண்டும். அவ்வளவு கிட்டே வந்த பிறகு கை தானாகத் தொடும். வருகிறவர்கள் சுவரைத் தொடுவதும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரின் படியை எடுத்துப்போவதும் இந்த அளவுகளிலிருந்து நேராக வரும் விளைவு.

கல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அது பெங்களூர்ப் பகுதியிலிருந்து போன கறுப்பு கிரானைட். வெர்மான்ட் மாநிலத்தின் பாரே நகரில் அறுத்து, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் பெயர்களைப் பொறித்தார்கள். உளியால் வெட்டவில்லை. பெயர்ப் பட்டியலைப் புகைப்பட முறையில் கல்மேல் அச்சு மறைப்பாகப் பதித்து, திறந்த இடத்தில் மட்டும் மணலைப் பீய்ச்சி அரித்தார்கள். இத்தனை ஆயிரம் பெயர்களைக் கையால் வெட்டியிருந்தால் பணமும் காலமும் எட்டியிருக்காது. இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. நன்றாகப் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் மணல் பட்ட இடம் சொரசொரப்பாகி வெளிர் சாம்பல் நிறமாகத் தெரியும். வண்ணம் எதுவும் பூச வேண்டாம். வெறும் வெளிச்சச் சிதறலால் எழுத்து தெரிகிறது. மழையில் நனைந்தால் அந்த வெளிர் நிறம் மங்கிப் போகும், காய்ந்தால் திரும்பி வரும். கறுப்புக் கல்லில் எழுத்து பொறித்த எல்லோருக்கும் இது தெரிந்த தொல்லை. ஆனால் வேறெந்த நிறக் கல்லுக்கும் இல்லாத ஒரு குணமும் அதற்கு இருக்கிறது. பாலிஷ் போட்டால் கண்ணாடியாகிவிடும். பெயரைப் படிக்கக் குனிகிறவர் அந்தப் பெயருக்குப் பின்னால் தன் முகத்தையும், தன் பின்னால் நிற்பவர்களையும், வானத்தையும் பார்க்கிறார். சிலையில் சிற்பி ஒரு முகத்தைச் செய்து வைக்கிறார். இங்கே முகத்துக்கான இடத்தில் வந்தவருடைய முகமே வந்து நிற்கிறது. தாய் வந்தால் தாயின் முகம், கூடச் சண்டையிட்டவன் வந்தால் அவன் முகம்.

ஆனால் என் கணிப்பில், கல்லையும் சரிவையும்விடப் பெரிய முடிவு பெயர்களின் வரிசை. அகர வரிசையில் போட்டிருந்தால் தேடுவது சுலபம், நிர்வாகத்துக்கும் சுலபம். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். லின் ஒப்புக்கொள்ளவில்லை. அகர வரிசையில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஸ்மித்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வருவார்கள்; ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து என்று பலர் இருப்பார்கள். எது தன் மகன் என்று தாய்க்கே தெரியாது. அதனால் உயிரிழந்த அல்லது காணாமல் போன தேதி வரிசைப்படி பெயர்கள் வந்தன. பதவி இல்லை, படைப்பிரிவு இல்லை, ஊர் இல்லை, பதக்கம் இல்லை. தளபதியும் சிப்பாயும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் உண்டு. இறந்தது உறுதியானால் வைரக் குறி, காணவில்லை என்றால் சிலுவைக் குறி. எச்சம் கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவையின் மேல் வைரத்தைப் பொறித்துவிடுவார்கள். காணாமல் போனவர் உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதுவரை ஒரு வட்டமும் போடப்படவில்லை.

தேதி வரிசை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே சண்டையில், ஒரே ஹெலிகாப்டரில் இறந்தவர்கள் சுவரில் ஒன்றாகவே இருக்கிறார்கள். உயிர் தப்பித் திரும்பிய ஒருவர் தன் படைத் தோழன் பெயரைக் கண்டுபிடித்தால் அதே வரியிலும் அடுத்த வரியிலும் அன்று கூட இருந்த மற்றவர்களையும் கண்டுவிடுவார். அவர் அங்கே பணியாற்றிய மாதங்கள் சுவரில் சில பலகைகளாக, அடி வைத்து அளக்கக்கூடிய நீளமாக இருக்கின்றன. தன் பெயர் எந்த இடத்தில் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். குடும்பத்தாருக்குத் தேதி தெரிந்தால் போதும். தெரியாதவர்களுக்கு நுழைவாயில் பக்கத்தில் அகர வரிசைப் புத்தகம் இருக்கிறது, அது பலகை எண்ணையும் வரி எண்ணையும் சொல்லும். பிறகு அந்தப் பலகை வரை நடந்து, வரிகளை எண்ணி, ஆயிரக்கணக்கான பெயர்களைக் கடந்துதான் தன்னுடைய ஒரு பெயருக்கு வந்து சேர வேண்டும். மொத்த இழப்பையும் ஒரு தனி இழப்பையும் ஒரே நடையில் உணரவைப்பதற்கு இதைவிடத் தெளிவான வழியை நான் எந்த நினைவிடத்திலும் கண்டதில்லை.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் தாழ்வாகத் தொடங்கி நடுவில் உயர்ந்து மறுபடி தாழும் சுவர், போரில் சாவு கூடிக் குறைந்ததைக் காட்டும் வரைபடம் என்று சில வழிகாட்டிகளே சொல்வதுண்டு. அது சரியில்லை. பெயர்கள் ஓரத்தில் தொடங்கவில்லை. நடு மூலையில் 1959இல் தொடங்குகின்றன. அங்கிருந்து கிழக்குச் சிறகு முழுக்கப் போய் ஓரத்தில் நிற்கின்றன. பிறகு மேற்குச் சிறகின் ஓரத்தில் மறுபடி எடுத்து, அதே நடு மூலைக்கு 1975இல் வந்து முடிகின்றன. முதல் சாவும் கடைசிச் சாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, இரண்டுக்கும் நடுவில் முழுப் போரும் திறந்து கிடக்கிறது. அப்படியானால் இரண்டு ஓரங்களில் இருப்பது எந்தக் காலம்? 1968ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அமெரிக்கப் படைக்கு மிக அதிகச் சாவு நேர்ந்த ஆண்டு அதுதான், பதினாறாயிரத்துக்கும் மேல். ஆக, சுவர் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தில்தான் போர் மிக மோசமாக இருந்தது. ஓரத்திலிருந்து நுழையும் ஒவ்வொருவரும், தெரியாமலேயே, போரின் மோசமான நாட்களில் அடியெடுத்து வைக்கிறார். இந்த விளைவை லின் வேண்டுமென்றே அமைத்தாரா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். மொத்தப் பெயர்களையும் இரண்டு சம அளவுச் சிறகுகளில் பிரித்தால் பாதிவழி எங்கே விழுகிறதோ அங்கே விழுந்தது. ஆனால் தொடக்கமும் முடிவும் சந்திக்க வேண்டும் என்பது திட்டமிட்ட முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, சிலைக்கு வருவோம். வடிவம் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் முன்னாள் வீரர்களும் இருந்தார்கள்; அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அந்த வெளியில் மற்ற நினைவிடங்கள் எல்லாம் வெள்ளை, எங்களுக்கு மட்டும் கறுப்பா? மற்றவை எல்லாம் மேலே எழுகின்றன, எங்களுடையது மட்டும் பூமிக்குள்ளா? ஒரு முன்னாள் வீரர் அதை அவமானத்தின் கீறல் என்றே பொதுமேடையில் சொன்னார். கறுப்பினத்தவரான ஒரு ராணுவ ஜெனரல் எழுந்து கறுப்பு அவமானத்தின் நிறமில்லை என்று சொன்ன பிறகுதான் அந்த வாதம் அடங்கியது. லின்னின் சீன வம்சாவளியைக் குறிவைத்த வசவுகளும் வந்தன. அவற்றுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் எதிர்ப்பின் உள்ளே ஓர் உண்மையான குறை இருந்தது. சுவரில் இறந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். போய்ச் சண்டையிட்டு, உயிரோடு திரும்பி, ஊரில் ஒரு வரவேற்பும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அதில் இடமில்லை. பணியாற்றியதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்று அவர்கள் கேட்டதைச் சுவரால் தர முடியாது.

உள்துறைச் செயலர் கட்டுமான அனுமதியை நிறுத்தி வைத்ததால் 1982 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. சுவர் வரும்; கூடவே ஒரு சிலையும் கொடிக்கம்பமும் வரும். முதலில் சொன்ன யோசனைப்படி கொடி சுவரின் நடு மூலைக்கு மேலேயும் சிலை அந்த மூலைக்கு முன்னாலும் வந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் சுவரின் வேலை முடிந்துபோயிருக்கும். மூன்று வெண்கல ஆட்கள் மேடை நடுவில் நிற்க, 58,000 பெயர்களும் அவர்களுக்குப் பின்னணித் திரையாகியிருக்கும். கண் உருவத்தைத்தான் முதலில் பிடிக்கும். எந்த வரைபடத்திலும் ஒரு மனித உருவத்தைப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குச் சுற்றுப்புறமாகிவிடும். நுண்கலை ஆணையம் இரண்டையும் எட்டத் தள்ளி நுழைவழிப் பக்கம் வைக்கச் சொன்னது. சுவர் 1982 நவம்பர் 13 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. பிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்களின் சிலை 1984 நவம்பரில் வந்தது.

அந்தச் சிலையை வீரச் சிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளம் பையன்கள் மூன்று பேர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், ஒருவர் லத்தீன் அமெரிக்கர். தோட்டாப் பட்டை, தண்ணீர்க் குடுவை, சட்டையின் மடிப்பு வரை கவனமாகச் செய்திருக்கிறார். கொடி ஏற்றவில்லை, யாரையும் சுடவில்லை, களைத்து நிற்கிறார்கள். மரங்களின் ஓரத்திலிருந்து சுவரின் பக்கம் பார்க்கிறார்கள். தூரம் கொடுத்ததால் சிலைக்கும் ஒரு பொருள் கிடைத்தது: உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்களின் பெயர்களைப் பார்ப்பது போல அது நிற்கிறது. லின் இந்தச் சேர்க்கையைக் கடுமையாக எதிர்த்தார், நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் எதிர்த்திருப்பேன். ஆனால் இன்று அங்கே இருக்கும் நிலையில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்பது என் கருத்து.

உருவத்தின் ஒரு தவிர்க்க முடியாத சிக்கல் அதற்குப் பிறகு வெளிப்பட்டது. மூன்று பேரை வைத்தவுடன் நான்காமவர் யார் என்ற கேள்வி எழுந்தது. போரில் பணியாற்றிய செவிலியர்கள், நாங்கள் எங்கே என்று கேட்டார்கள். சுவரில் எட்டுப் பெண்களின் பெயர் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சிலையில் பெண் இல்லை. அதனால் கிளென்னா குட்ஏக்கர் செய்த பெண்கள் நினைவுச் சிலை 1993இல் தனியாக வந்தது. முகத்தை வைத்து எல்லோரையும் பிரதிநிதிப்படுத்த முயலும் நினைவிடம் எங்கே இருந்தாலும் இந்த வரிசை நீண்டுகொண்டே போகும்.

இதுவரை சொன்னவற்றில் அளவுகள், வரிசை, கல்லின் இயல்பு, வடிவத்தைச் சுற்றி நடந்த சண்டையின் வரலாறு ஆகியவை உறுதியானவை. அந்தச் சுவர் போரின் காயத்தை ஆற்றியது, நாட்டைச் சமாதானப்படுத்தியது என்று அடிக்கடி எழுதுகிறார்களே, அதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் அழுவது கண்ணால் பார்க்கக் கூடியது. அழுதபின் அவர்கள் தேறினார்களா என்பது வடிவமைப்பாளர் சொல்லக்கூடிய விஷயமில்லை. சிலர் வாகன நிறுத்தம் வரை வந்து சுவருக்குப் போக முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, யாரும் திட்டமிடாத ஒன்று: மக்கள் சுவரடியில் பொருட்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். கடிதம், பூட்ஸ், பதக்கம், கரடி பொம்மை, அடுத்த தலைமுறைக் குழந்தையின் புகைப்படம். பூக்கள் போன்ற வாடும் பொருட்களைத் தவிர மற்றவற்றைத் தேசியப் பூங்காத் துறை சேகரித்துப் பாதுகாக்கிறது. நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டன. சிலைகளின் காலடியில் மலர்வளையம் வைப்பது பழைய சடங்கு, அதைப் பெரும்பாலும் அரசாங்கம் செய்யும். இங்கே ஒரு குறிப்பிட்ட பெயருக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட ஆள் வைக்கிறார். ஒவ்வொருவருக்கும் சுவரில் ஓர் முகவரி இருப்பதால்தான் இது நடக்கிறது.

உருவத்தை நீக்கினால் மட்டும் இதெல்லாம் தானாக வந்துவிடாது என்பதற்கு பெர்லின் சாட்சி. கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்காக பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் கட்டைகள் இருக்கின்றன. பெயர் இல்லை, எழுத்து இல்லை. உள்ளே நடந்தால் தரை அலைபோல் இறங்கி, கட்டைகள் தலைக்கு மேல் எழுந்து, கூட வந்தவர் கண்ணிலிருந்து மறைந்துபோவார். உடம்பின் மேல் அது செய்யும் வேலை பலமானது. ஆனால் ஓரத்தில் இருக்கும் தாழ்ந்த கட்டைகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார்கள். அவர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று திட்டுவதற்கு முன்னால், அந்தக் கட்டை யாருக்கு என்று அவர்களுக்கு அங்கே எதுவும் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் குறையை முன்கூட்டியே உணர்ந்துதான் அடியில் ஒரு தகவல் மையம் சேர்க்கப்பட்டது. அங்கே இறந்தவர்களின் பெயரும் சிறு வாழ்க்கைக் குறிப்பும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. என் மாணவர்களில் பலர் மேலே உள்ள கட்டைகளைப் புகழ்ந்துவிட்டு, அந்தக் கீழறையில்தான் கலங்கினோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அவர்களை நம்புகிறேன்.

கடைசியாக, பெயர்ப் பட்டியலும் கருத்தில்லாத ஒன்று கிடையாது. யாரைச் சேர்ப்பது என்று ஓர் எல்லை போட்டே ஆக வேண்டும். வியட்நாம் சுவரில் இடம்பெற, வரையறுத்த போர்ப் பகுதியில் இறந்திருக்க வேண்டும் அல்லது அங்கே பட்ட காயத்தால் இறந்திருக்க வேண்டும். தெளித்த ரசாயனத்தால் பத்து வருடம் கழித்துப் புற்றுநோயில் போனவரும், திரும்பி வந்து தற்கொலை செய்துகொண்டவரும் அதில் வர மாட்டார்கள். அவர்களுக்காக 2004இல் சிலைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பலகை வைத்தார்கள். அதில் பெயர்கள் இல்லை. பிறகு தகுதியானவர் என்று தெரிந்து சேர்க்கப்படுகிறவர்களை, இடம் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பொறிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர்களில் தேதி வரிசை உடைகிறது. உயிரோடிருக்கும் சிலருடைய பெயர்கள் ஆவணப் பிழையால் ஏறிவிட்டதும் உண்டு. கல்லில் ஏறியதை அழிக்க வழியில்லை.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. அந்தப் போரில் இறந்த வியட்நாமியர்களின் எண்ணிக்கை லட்சங்களில் வரும், அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அமெரிக்கா தன் ஆட்களுக்குக் கட்டிய நினைவிடம் அது, அதனால் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை முழுதாக நிறைவேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் இழப்பு என்பதே ஒரு கருத்துதான். கிறிஸ் பர்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1991இல் இதற்கு ஒரு மாற்று செய்தார். சுழலும் பெரிய செப்புத் தகடுகளில் முப்பது லட்சம் வியட்நாமியப் பெயர்கள். உண்மையான பட்டியல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் வியட்நாமியப் பெயர்களின் கூறுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பெயர்களை உருவாக்கிப் பொறித்தார். சுவரைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுகிறேன். ஒன்றில் ஒரு தாய் வந்து தன் மகனின் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடிக்க முடியும். மற்றதில் பெயர்கள் நிறைந்திருந்தும் யாரும் யாரையும் தேட முடியாது.